மக்ல முகம் ஒல்லியா தெரியுது, கைப்பிடி பக்கம் போயிடுது

"அம்மா போட்டோவ கார்ட்டூன் மாதிரி வரைஞ்சு 200×90 எம்எம் மக் பிரிண்ட் டெம்ப்ளேட்ல நடுவுல 110 எம்எம் அகலத்துக்கு வெச்சேன். மக்ல காது ரெண்டும் பின்னாடி ஓடிடுது, கப்ப கையில புடிச்சா முகமே தெரியல."

சாதா 11 அவுன்ஸ் மக்கோட விட்டம் 82 எம்எம் கிட்ட, சுத்தளவு 258 வரும், அதனால 200 போக கைப்பிடிக்கு 58 எம்எம் காலி. 110 அகலத்துல வெச்சா நேரா பாக்கும்போது 80 தான் தெரியும், ஓரம் போகப்போக நசுங்கும், காது ஓடுறது அதான். 60 எம்எம் முகம்னா 55 தெரியும், கண்ணுக்கு வித்தியாசமே படாது. ஒல்லியா தெரியுதேன்னு அகலத்த மட்டும் இழுத்து விடாதீங்க, கப்ப கொஞ்சம் திருப்பினாலே முகம் உப்பிடும். 60×80 போதும், மேல கீழ 5 எம்எம் விட்ருங்க.

இடம் தான் முக்கியம். டெம்ப்ளேட் நடுவுன்னா அது கைப்பிடிக்கு நேர் எதிர்ப்பக்கம், குடிக்கிறவங்களுக்கு தெரியாது, எதிர்ல உக்காந்திருக்கவங்களுக்குத்தான் தெரியும். அம்மா வலது கைல புடிப்பாங்கன்னா மூக்கு டெம்ப்ளேட்டோட வலது ஓரத்துல இருந்து 35 எம்எம் உள்ள வரணும் (மிரர் பண்றதுக்கு முன்னாடி உள்ள டிசைன்ல சொல்றேன்), இடது கைன்னா இடது ஓரத்துல இருந்து அதே 35. அப்போ முடி ஓரத்துக்கு 5 எம்எம் கிட்ட வந்து நிக்கும், கைப்பிடி பக்கம் ஹீட் பிரஸ் சரியா அழுத்தாம மங்க சான்ஸ் இருக்கு, அதனால அந்த 5 எம்எம்ல வெறும் பேக்ரவுண்ட் மட்டும் இருக்கட்டும்.

சப்ளிமேஷன் பேப்பர வீணாக்காம முதல்ல சாதா பேப்பர்ல Actual size போட்டு பிரிண்ட் எடுத்து (Fit குடுத்தா அளவு சுருங்கிடும்) மக்ல டேப் போட்டு ஒட்டி, குடிக்கிற மாதிரியே புடிச்சு பாருங்க.