கேட் 5இ, கேட் 6, கேட் 6ஏ: புது அலுவலகத்துக்கு எந்த ஒயர் இழுக்கலாம்?

அலுவலகங்களுக்கு நெட்வொர்க் கேபிள் இழுப்பதுதான் என் பிழைப்பு. போன வாரம் "கேபிள் பற்றிக் கேளுங்கள்" என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒன்றையொன்று தொட்டுப் போகிறவற்றை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன்.

திருப்பூரிலிருந்து ஒருவர்: "புது ஆபீஸ், இரண்டு மாடி, 46 மேஜை. டிசைன் ரூமில் நாலு பேர் பெரிய ஃபைல் கையாளுறாங்க. ரேக் கீழ்த்தளத்தில் ஒரு மூலையில. ஒரு காண்ட்ராக்டர் கேட் 5இ போதும்ங்கறார், இன்னொருத்தர் எல்லாம் 6ஏ போடச் சொல்றார். யாரை நம்புறது?"

இருவரையும் கொஞ்ச நேரம் நிறுத்திவையுங்கள் சார். முதலில் டேப்பை எடுத்து அளந்துவிடலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் ரேக்கிலிருந்து கடைசி மேஜை வரை நேர்கோட்டில் 40 மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். கேபிள் நேர்கோட்டில் போகாது, ட்ரே போகிற வழியில்தான் போகும். தாழ்வாரம் நெடுக 38, அங்கிருந்து பக்கவாட்டில் 14, ரேக்கிலிருந்து மேலே ஏற 3, மேஜைப் பக்கம் இறங்க 3. கூட்டினால் 58. ரேக்கிலும் பாக்ஸிலும் விட்டுவைக்கிற தளர்ச்சி 3 மீட்டர் சேர்த்தால் 61. இரு முனையிலும் செருகும் பேட்ச் கார்டுகள் இரண்டும் சேர்த்து 5 மீட்டர். ஆக மொத்தம் 66.

ஒரு ஜிபிபிஎஸ் வேகத்துக்கு 66 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. சுவருக்குள் போவது 90 மீட்டர், பேட்ச் கார்டுகள் 10 மீட்டர், மொத்தம் 100 வரை கேட் 5இ-யே இழுத்துக்கொண்டு போகும். 2.5 ஜிபிபிஎஸ்ஸும் அதே கேட் 5இ-யில் 100 மீட்டர் ஓடும் என்றுதான் 2016-இல் வந்த தரம் வகுக்கப்பட்டது. 5 ஜிபிபிஎஸ் நூறு மீட்டர் ஓட கேட் 6 வேண்டும். பிரிவு ஏற்படுவது 10 ஜிபிபிஎஸ்ஸில். அதற்கு 6ஏ மட்டும்தான் முழு 100 மீட்டரும் தாங்கும். கேட் 6-இல் சூழல் நன்றாக இருந்தால் 55 மீட்டர். கேபிள்கள் ஒரே கட்டாக நெருங்கிக் கிடந்தால் 37 மீட்டருக்கு மேல் நம்பக்கூடாது.

உங்கள் டிசைன் ரூம் ரேக்குக்கு மேலேயே இருக்கிறது. அங்கே என் கணக்கில் 22 மீட்டர்தான், கார்டுகளோடு சேர்த்து 27. நான்கு மேஜைக்கும் கேட் 6 போட்டாலே 10 ஜிபிபிஎஸ் வரும். மற்ற 42 மேஜையும் வைஃபை பாயிண்டுகளும் கேட் 6. கீழ் சுவிட்சுக்கும் மேல் சுவிட்சுக்கும் இடையே போகிற இரண்டு கேபிள் மட்டும் 6ஏ. கேட் 5இ-க்கும் 6-க்கும் கேபிள் விலை வித்தியாசம் மொத்த பில்லில் சின்னது. பெரிய செலவு கூலியும் ட்ரேயும்தான். அதனால் புது வேலைக்கு 5இ போடச் சொல்ல மனசு வரவில்லை. ஆனால் ஏற்கெனவே நல்ல 5இ இருந்தால் பிடுங்கி எறிய வேண்டாம்.

அதே திருப்பூர் நண்பர், மறுநாள்: "டிசைன் ஆட்கள் 50 ஜிபி ஃபைல் அனுப்புறாங்க. 10 ஜிபிபிஎஸ் போட்டா எவ்வளவு நேரம் மிச்சமாகும்?"

ஒரு ஜிபிபிஎஸ் கேபிளில் விநாடிக்கு 110 எம்பி அளவு உண்மையில் நகரும். 50 ஜிபிக்கு ஏழரை நிமிடம். 10 ஜிபிபிஎஸ்ஸில் முக்கால் நிமிடத்தில் முடியவேண்டும். "வேண்டும்" என்பதைக் கவனியுங்கள். உங்கள் சேமிப்புப் பெட்டியில் இரண்டு சுழலும் ஹார்ட் டிஸ்க் மட்டும் இருந்தால் டிஸ்க்தான் மூச்சுத் திணறும், கேபிள் காத்துக்கொண்டிருக்கும். முதலில் பெட்டியில் என்ன டிஸ்க் என்று பாருங்கள்.

மதுரையிலிருந்து ஒரு கணக்கர்: "எங்க பிராட்பேண்டே 200 எம்பிபிஎஸ்தான். அப்புறம் எதுக்கு சார் இந்த 6, 6ஏ எல்லாம்?"

வெளியே போகிற பாதைக்கும் உள்ளே ஓடுகிற பாதைக்கும் சம்பந்தமில்லை ஐயா. நீங்கள் டேலி பேக்கப்பைப் பக்கத்து அறை சர்வரில் வைப்பது பிராட்பேண்டைத் தொடுவதே இல்லை. இருந்தாலும் கேட்டது நல்லதுதான். ஏழு மேஜை, எல்லாமே இணையத்தில் ஓடுகிற மென்பொருள் என்றால் உங்களுக்கு 10 ஜிபிபிஎஸ் பேச்சே தேவையில்லை.

பெங்களூரிலிருந்து, நீண்ட அனுபவம் உள்ளவர்போல: "அண்ணே, 55, 37 எல்லாம் காகிதத்துல. நான் கேட் 6-ல 70 மீட்டர்ல 10 ஜி ஓட்டியிருக்கேன், ஒரு பிரச்சினையும் இல்லை."

ஓடும் தம்பி, நானும் பார்த்திருக்கிறேன். ஏன் ஓடுகிறது என்பதில்தான் விஷயம். ஒரே கேபிளுக்குள் இருக்கும் நான்கு முறுக்கிய கம்பி ஜோடிகள் ஒன்றோடொன்று போடும் மின் சத்தத்தை 10 ஜி சிப் தானே கழித்துவிடும், ஏனென்றால் அந்த ஜோடிகளில் என்ன போகிறது என்று அதற்குத் தெரியும். பக்கத்துக் கேபிளிலிருந்து கசியும் சத்தம் அதற்குத் தெரியாத சத்தம். கழிக்க வழியே இல்லை. உன் 70 மீட்டர் கேபிளுக்குப் பக்கத்தில் ஓடியவை எல்லாம் ஒரு ஜிபிபிஎஸ்ஸாக இருந்திருக்கும், அல்லது அது தனியாகப் போயிருக்கும். அதே கட்டில் இன்னும் இருபது கேபிள் 10 ஜி ஆன பிறகு என்ன ஆகும் என்று பார்த்துவிட்டுச் சொல். கட்டைத் தளர்த்தி, ஜிப் டை இல்லாமல் வெல்க்ரோ போட்டு, கேபிளை அங்கங்கே பிரித்துப் போட்டு இழுத்தால் கொஞ்சம் தாங்கலாம். எவ்வளவு என்று என்னால் எண்ணில் சொல்ல முடியாது. வாடிக்கையாளருக்கு எழுத்தில் உத்தரவாதம் கொடுக்க வேண்டும் என்றால் நான் 37-ஐத்தான் எழுதுவேன்.

ஈரோட்டிலிருந்து: "எங்க ஆபீஸ்ல கேட் 6தான் போட்டிருக்கு. ஆனா சில மேஜையில 100 எம்பிபிஎஸ்தான் காட்டுது. 6ஏ மாத்தினா சரியாயிடுமா?"

6ஏ-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நூறு என்று காட்டுவது தூரத்தால் வருவதைவிட, நான்கு ஜோடியில் ஒன்று சரியாகப் பிடிக்காததால்தான் அதிகம் வரும். நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பி போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ விட்டுப்போனால் சாதனம் இறங்கி நூறில் நின்றுகொள்ளும், வேலை செய்வதால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். லினக்ஸ் மடிக்கணினி இருந்தால் அந்த மேஜையில் செருகிப் பாருங்கள் (உங்கள் இன்டர்ஃபேஸ் பெயர் வேறாக இருக்கலாம்):

```
ethtool enp3s0 | grep Speed
```

`Speed: 100Mb/s` என்று வந்தால் இரு முனையையும் மறுபடி கிரிம்ப் செய்யுங்கள், அல்லது ஜாக்கைத் திரும்பப் பஞ்ச் செய்யுங்கள். பத்தில் எட்டு அங்கேயே தீரும். பேட்ச் கார்டையும் ஒருமுறை மாற்றிப் பார்த்துவிடுங்கள், பலமுறை குற்றவாளி அதுதான்.

இதைவிட மோசமானதையும் சொல்லிவிடுகிறேன், என் சொந்தத் தவறு. ஒரு வேலையில் புதிதாகச் சேர்ந்த பையன் பதினோரு கேபிளில் நிறங்களை ஜோடி ஜோடியாக வரிசையாக வைத்து அடித்திருந்தான்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. இரு முனையும் ஒரே மாதிரி. விளக்கு எரிகிற மலிவு டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை அழகாக எரிந்தது, நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் 3-உம் 6-உம் ஒரே ஜோடியின் இரண்டு கம்பியாக இருக்க வேண்டும். அவன் வைத்ததில் 3 பச்சை ஜோடியில், 6 நீல ஜோடியில். முறுக்குதான் சத்தத்தைத் தடுக்கிறது, முறுக்கு தவறான கம்பியோடு போனால் தடுப்பே இல்லை. அறைக்குள் ஐந்து மீட்டர் கார்டில் ஒன்றும் தெரியவில்லை. முப்பது மீட்டர் ஓடிய மேஜைகளில் லிங்க் விழுந்து விழுந்து எழுந்தது. பச்சையைப் பிளந்து நடுவில் நீலத்தை வைக்கும் முறை ஏன் என்று அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு சான்று தரும் டெஸ்டரை வாடகைக்கு எடுக்காமல் நான் எந்த வேலையையும் ஒப்படைப்பதில்லை.

சேலத்திலிருந்து: "கடையில கேட் 6ன்னு பாதி விலைக்குத் தர்றாங்க, 305 மீட்டர் பெட்டி. வாங்கலாமா?"

உறையைச் சீவி ஒரு கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், சிசிஏ. எந்தக் கேட் தரத்திலும் அது சேராது, உறையில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. வைஃபை பாயிண்டுக்கும் கேமராவுக்கும் அதே கேபிளில் மின்சாரம் அனுப்பும்போது அது சூடாகும், மின்னழுத்தமும் குறையும். சுரண்டப் பிடிக்காவிட்டால் மீட்டர் வைத்துப் பாருங்கள். 60 மீட்டர் கேபிளின் ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரு கம்பியையும் முறுக்கிச் சேருங்கள். மறுமுனையில் ஓம் அளந்தால் நல்ல செம்பு 8 முதல் 10 வரை காட்டும். 13, 15 என்று போனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: "எங்க கட்டடத்துல முழுக்க 6ஏ போடச் சொல்லி டெண்டர்ல எழுதியிருக்காங்க. நான் கேட் 6 போதும்னு வாதாடலாமா?"

டெண்டரில் எழுதியிருந்தால் வாதாடிப் பயனில்லை, எழுதியபடி போடுங்கள். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், எல்லா மேஜைக்கும் 6ஏ என்பது இன்னும் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. பதினைந்து வருஷம் சுவருக்குள் கிடக்கப் போகிறது, இப்போதே போடு என்பார்கள் என் நண்பர்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மேஜைப் பயன்பாடு பெரும்பாலும் வைஃபைக்குப் போய்விட்டது, மேஜை ஒயரில் 10 ஜி யார் கேட்கப் போகிறார்கள்? கூரையில் உள்ள வைஃபை பாயிண்டுகளுக்கு 6ஏ என்றால் நானும் சரி என்பேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டிப் பாருங்கள். கேட் 6 சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன். 6ஏ 7.5, 8 என்று போகும். 25 கேபிள் போகும் என்று கணக்குப் போட்ட குழாயில் 15-க்கே முக்கல் வந்துவிடும். இறுக்கமாக வளைக்கவும் கூடாது, தடிமனைப்போல் நாலு மடங்கு ஆரமாவது விடவேண்டும். கேபிளுக்கு ஏற்றபடி ஜாக், பேட்ச் பேனல், கார்டு எல்லாம் 6ஏ-யாகவே இருக்கவேண்டும். நடுவில் ஒரு கேட் 5இ ஜாக் வந்தால் முழுப் பாதையும் 5இ-தான்.

கடைசியாக, பெயர் போடாத ஒருவர்: "ஏற்கெனவே இழுத்த கேபிள் எத்தனை மீட்டர்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? ஃபால்ஸ் சீலிங் எல்லாம் மூடியாச்சு."

உறையில் ஒவ்வொரு மீட்டருக்கும் எண் அச்சடித்திருக்கும். ரேக் பக்கம் தெரியும் எண்ணையும் மேஜைப் பக்கம் தெரியும் எண்ணையும் படித்துக் கழியுங்கள். ஒரு பக்கம் 187, மறுபக்கம் 243 என்றால் 56 மீட்டர். சில பெட்டிகளில் எண் அடிக்கணக்கில் இருக்கும், எண்ணுக்குப் பின்னால் எழுதியிருப்பதைப் பாருங்கள். அதோடு பேட்ச் கார்டு நீளத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.