கட்டிலில் புரளும்போது மட்டும் வரும் தலைச்சுற்று

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, மானிப்பாயில் இருக்கிறோம். படுத்திருந்து மற்றப் பக்கம் திரும்பினால் அறை முழுக்கச் சுற்றுகிறது என்கிறா. அரை நிமிடத்தில் நின்றுவிடும். பிரஷரும் சீனியும் சரியாகத்தான் இருக்கிறது. இது என்ன? வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஏதும் இருக்கிறதா?

பதில்:

நான் யாழ்ப்பாணத்தில் பிசியோதெரபிஸ்ட். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் உள்காதிலிருந்து வருவது. மருத்துவர்கள் பிபிபிவி என்று சுருக்கிச் சொல்வார்கள். ஆபத்தில்லாதது, ஆனால் ஆளை நன்றாகப் பயப்படுத்திவிடும். குளிசையை விடத் தலையைச் சரியான ஒழுங்கில் திருப்புவதுதான் இதற்கு வைத்தியம்.

அதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். சுற்றுவது தலையின் நிலை மாறும்போது மட்டும்தானா? படுக்கும்போது, புரளும்போது, எழும்பும்போது, கொக்கத்தடியால் முருங்கைக்காய் பறிக்க அண்ணாந்து பார்க்கும்போது, கிணற்றடியில் குனியும்போது வந்து, தலையை அசைக்காமல் இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறதென்றால் தொடர்ந்து வாசியுங்கள். எழும்பி நிற்கும்போது மட்டும் கண் இருட்டிக்கொண்டு வந்தால் அது வேறு, பிரஷர் இறங்குவதாக இருக்கலாம். அசையாமல் இருந்தும் மணிக்கணக்காகச் சுற்றினால், பேச்சுக் குழறினால், பார்க்கும் பொருள் இரண்டாகத் தெரிந்தால், முகமோ கை காலோ ஒரு பக்கம் விறைத்தால், நடக்கவே முடியாமல் சரிந்தால், திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால், இதுவரை வராத கடும் தலையிடி வந்தால், எந்தப் பயிற்சியும் வேண்டாம். உடனே 1990க்கு அடித்து அம்புலன்ஸ் எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, காதுக்குள் நடப்பது இதுதான். உள்காதில் ஒரு சிறிய பை இருக்கிறது. அதன் தரையில் கல்சியம் காபனேற்றுத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் கற்கள். தலை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்ல அவை உதவுகின்றன. அந்தப் பையோடு சேர்ந்து மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம். மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணிக் குழாயை வளைத்து வைத்த மாதிரி. வயது போகும்போதோ, தலையில் அடிபட்ட பிறகோ, காய்ச்சலில் கனநாள் படுத்துக் கிடந்த பிறகோ சில கற்கள் கழன்று குழாய் ஒன்றுக்குள் போய்விடும். அங்கே அவற்றுக்கு வேலையில்லை. தலையைத் திருப்பியதும் அவை உருண்டு திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகும். தலை நின்ற பிறகும் திரவம் ஓடுவதால் 'இன்னும் சுற்றுகிறோம்' என்ற செய்தி மூளைக்குப் போகிறது. கற்கள் அடியில் போய்த் தங்கியதும் சுற்று நிற்கும். திரும்பி இரண்டு மூன்று செக்கன் கழித்துத் தொடங்குவதற்கும், அரை நிமிடத்தில் அடங்குவதற்கும் காரணம் இதுதான்.

மூன்று குழாய்களில் பின்பக்கக் குழாய்தான் படுக்கும்போது ஆகத் தாழ்வாக இருப்பது. அதனால் பெரும்பாலும் கற்கள் அதற்குள்தான் விழும். கீழே சொல்லும் எப்லி முறை அந்தக் குழாய்க்கானது.

ஊரில் இந்த வருத்தம் வந்த ஆள் சுற்றிவராத இடமில்லை. முதலில் பிரஷர், பிறகு ஈசீஜி, பிறகு கழுத்து எக்ஸ்ரே. அறுபது வயதுக் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் எலும்புத் தேய்வு தெரியாமல் இருக்காது. உடனே பழி அதன்மேல் விழும், கழுத்துப் பட்டி வரும். சின்னரிசின், பீட்டாஹிஸ்டின் போன்ற குளிசைகள் சத்தியையும் தலைக்குள் கிறங்குவதையும் கொஞ்சம் குறைக்கலாம். கல்லை வெளியே எடுக்காது. சின்னரிசின் மாதிரி நித்திரை வரச்செய்யும் குளிசைகளை வயதானவர்கள் மாதக்கணக்காகப் போட்டால் தள்ளாடி விழுகிற பயம் வேறு.

எந்தக் காது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. கொக்குவிலில் இருந்து வந்த ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரை வைத்துச் சொல்கிறேன். காய்ச்சலில் கிடந்து எழும்பிய பிறகு தொடங்கியது. பயத்தில் கட்டிலை விட்டுவிட்டு இரவெல்லாம் சாய்மனைக் கதிரையில்தான் நித்திரை. மகன் கூட வந்திருந்தார். கட்டிலில் கால் நீட்டி இருக்கவைத்து, படுத்தால் தோளுக்குக் கீழே வரும்படி பின்னால் ஒரு தலையணை வைத்தேன். தலை தலையணைக்கு அப்பால் கொஞ்சம் கீழே சாய வேண்டும், அதற்காகத்தான். முதலில் தலையை இடப்பக்கம் பாதி திருப்பி, அதாவது நாடி தோளுக்கும் நெஞ்சுக்கும் நடுவே வரும் அளவுக்கு, 45 பாகை, அப்படியே பின்னால் படுக்கவைத்தேன். அரை நிமிடம் பார்த்தோம், ஒன்றுமில்லை. எழுப்பிக் கொஞ்சம் ஆறவிட்டு வலப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தேன். மூன்று செக்கன் போயிருக்கும், கட்டிலின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டா. "ஐயோ தம்பி, வீடு பிரளுது!" "கண்ணை மூடாதேங்கோ அன்ரி, என்ரை மூக்கைப் பாருங்கோ" என்றேன். கருவிழி மேல்நோக்கியும், கீழே இருந்த வலக்காதுப் பக்கமாக முறுகியும் துடித்துத் துடித்து அடித்தது. மகன் அதைப் போனில் வீடியோ எடுத்தார். இருபது செக்கனில் அடங்கிவிட்டது. ஆக, வலக்காதின் பின்பக்கக் குழாய்.

இனி எப்லி முறை. வலக்காது என்று வைத்து எழுதுகிறேன்; இடக்காது என்றால் வலம் இடம் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலமாவது போயிருக்கட்டும், பக்கத்தில் ஆள் இருக்கட்டும், சத்தி வந்தால் எடுக்க ஒரு பேசினும் கிட்ட இருக்கட்டும்.

முதலில், மேலே சொன்ன மாதிரியே தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பிக்கொண்டு, தோளின் கீழ் தலையணை வர, சட்டென்று பின்னால் படுக்க வேண்டும். சுற்றும். அது நிற்கும்வரை இருந்து, நின்ற பிறகும் அரை நிமிடம் அப்படியே. அடுத்து, தலையைத் தூக்காமல், கிடந்தபடியே இடப்பக்கம் 45 பாகைக்குத் திருப்ப வேண்டும். மொத்தத்தில் தலை 90 பாகை திரும்பியிருக்கும். மறுபடி அரை நிமிடம், சுற்றினால் அது நிற்கும்வரை. பிறகு உடம்பையும் சேர்த்து இடப்பக்கமாகப் புரண்டு, மூக்கு நிலத்தைப் பார்க்கும் அளவுக்குத் தலையைத் திருப்ப வேண்டும். இங்கேயும் அரை நிமிடம். கடைசியாக, நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தியபடி, இடப்பக்கமாகவே காலைத் தொங்கவிட்டு எழும்பி இருக்க வேண்டும். எழும்பியவுடன் சிலருக்குப் பின்னால் யாரோ தள்ளுவது போல இருக்கும். அதனால் பக்கத்தில் நிற்பவர் தோளைப் பிடித்துக்கொள்ளட்டும். ஓரிரு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு ஆறுதலாக எழும்பலாம்.

ஒவ்வொரு திருப்பத்திலும் கற்கள் குழாயின் வளைவோடு கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி, கடைசியில் தாங்கள் கழன்று வந்த பைக்குள்ளேயே விழுகின்றன. ஆகவே நடுவில் சுற்றுவது தவறு நடந்ததற்கு அடையாளமில்லை. ரீச்சருக்கு மூன்றாம் நிலையில், மூக்கு நிலத்தைப் பார்த்தபோது, இன்னொருமுறை சுற்றியது. கல் போக வேண்டிய பக்கம் போகிறது என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. பத்து நிமிடம் கழித்து முழுவதையும் மறுபடி செய்தபோது சுற்றவில்லை.

பலர் பிழைவிடும் இடம் இரண்டு. ஒன்று, சுற்றத் தொடங்கியதும் பயந்து எழும்பிவிடுவது. கற்கள் திரும்ப வந்த வழியே போய்விடும். மற்றது, இரண்டாவது நிலையில் தலையைத் திருப்பும்போது நிமிர்த்திவிடுவது. தலை தாழ்ந்தபடியே திரும்பாவிட்டால் கல் நகராது.

அன்றைக்குச் சுற்று நிற்காவிட்டால் அடுத்த நாளும் செய்யலாம், நின்றதும் விட்டுவிடலாம். முன்பெல்லாம் இதைச் செய்த பிறகு இரண்டு இரவு நிமிர்ந்திருந்து நித்திரை கொள்ளச் சொல்வார்கள். அது தேவையில்லை என்பது இப்போதைய வழிகாட்டல். சுற்று நின்றாலும் சில நாட்கள், சிலருக்கு ஓரிரு கிழமை, நடக்கும்போது மிதப்பது போல இருக்கலாம். அது தானாகப் போகும். அதுவரை சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஏணி மூன்றும் வேண்டாம்.

அம்மாவுக்குக் கழுத்தில் கடுமையான தேய்வு, மூட்டுவாதம், அண்மையில் கழுத்திலோ கண்ணிலோ சத்திரசிகிச்சை, விழித்திரைப் பிரச்சினை, கழுத்து இரத்தக் குழாய் அடைப்பு ஏதும் இருந்தால் வீட்டில் தலையைத் தாழ்த்தவே வேண்டாம், வைத்தியரிடம் கேட்ட பிறகு பார்க்கலாம். தலையைத் தாழ்த்தத் தேவையில்லாத, எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டாலும் செய்யக்கூடிய இன்னொன்று பிரான்ட்-டரோஃப் பயிற்சி. கட்டில் விளிம்பில் இருந்து, முகத்தை இடப்பக்கம் 45 பாகை திருப்பிக்கொண்டு வலப்பக்கம் சரிந்து படுப்பது, அரை நிமிடம். எழும்பி அரை நிமிடம். பிறகு முகத்தை வலப்பக்கம் திருப்பி இடப்பக்கம் சரிவது. இப்படி ஐந்து சுற்று, நாளுக்கு மூன்று முறை, இரண்டு கிழமைக்கு. எப்லியை விட மெதுவாகத்தான் பலன் தரும், பொறுமையும் வேண்டும். நான் இதை இரண்டாம் தெரிவாகத்தான் சொல்வேன்.

எப்லி வேலை செய்யாத ஒரு வகையும் உண்டு. நேராகப் படுக்கும்போது பெரிதாக ஒன்றுமில்லாமல், படுத்தபடி வலமாகத் திரும்பினாலும் இடமாகத் திரும்பினாலும் இரண்டு பக்கமும் பலமாகச் சுற்றினால் கல் கிடைக் குழாயில் இருக்கலாம். எப்லி செய்த பிறகு சுற்றின் தன்மை அப்படி மாறினாலும் கல் அங்கே தாவியிருக்கக்கூடும். அதற்கு வேறு திருப்பல் முறை இருக்கிறது, ஆனால் கண் துடிப்பைப் பார்த்துத்தான் பக்கத்தை முடிவு செய்ய வேண்டும். வீட்டில் ஊகித்துச் செய்யாதீர்கள்.

ரீச்சருக்கு அடுத்த வருடம் மறுபடி வந்தது. இது திரும்பி வருவது வழமைதான். அடிக்கடி வந்தால் விட்டமின் டீ அளவை ஒருமுறை பார்ப்பது நல்லது. குறைவாக இருப்பவர்களுக்கு அதைச் சரிசெய்தால் திரும்ப வருவது குறைகிறது. ஒரு கிழமை செய்தும் மாறாவிட்டால் பெரியாஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்குமுன் சுற்றும் நேரத்தில் அம்மாவின் கண்ணை நல்ல வெளிச்சத்தில் கிட்டவாக வீடியோ எடுத்து வையுங்கள். கிளினிக்குக்குப் போன நாளில் பார்த்துச் சுற்றாமல் போய்விடும். அந்த வீடியோவில் கண் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தாலே வைத்தியருக்கு எந்தக் காது, எந்தக் குழாய் என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.