ஊருக்குக் கிளம்பும் முன் வீட்டு விபிஎன்னை ஹாட்ஸ்பாட்டில் சோதிப்பது எப்படி?

கேள்வி: வீட்டில் ராஸ்பெரி பையில் வயர்கார்டு விபிஎன் போட்டிருக்கிறேன். லேப்டாப்பை வீட்டு வைஃபையில் வைத்தே கனெக்ட் செய்து பார்த்தேன், ஸ்டோரேஜில் இருக்கும் ஃபைல்கள் திறக்கின்றன. அடுத்த வாரம் வேலையாக மூன்று மாதம் வெளியூர் போகிறேன். இந்தச் சோதனை போதுமா? போன் ஹாட்ஸ்பாட்டில் பார்க்கச் சொல்கிறார்கள், அதில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: போதாது. லேப்டாப்பும் ஸ்டோரேஜும் ஒரே வைஃபையில் இருக்கும்போது, ஃபைல் விபிஎன் வழியாக வராமல் நேராகவே வந்திருக்கலாம். அப்படியே விபிஎன் வழியாக வந்திருந்தாலும், வெளியிலிருந்து ரவுட்டருக்குள் நுழையும் பாதையை அது தொட்டிருக்காது. மூன்று மாதம் நீங்கள் நம்பியிருக்கப் போவது அந்தப் பாதையைத்தான். இதற்கு நேர்மாறும் நடக்கும். சில ரவுட்டர்கள், உள்ளே இருந்துகொண்டு தன் வெளி ஐபியைத் தேடினால் திருப்பி அனுப்பாது. அதனால் சரியாக அமைத்த விபிஎன்னும் வீட்டுக்குள் கனெக்ட் ஆகாமல் போகலாம். ஆக, வீட்டு வைஃபையில் வரும் முடிவை எந்தப் பக்கமும் நம்ப முடியாது.

ஹாட்ஸ்பாட்டை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் வெளி நெட்வொர்க்கில் இருப்பீர்கள், ஆனால் சர்வரான ராஸ்பெரி பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் பார்க்க முடிகிற வாய்ப்பு ஊருக்குப் போனபின் கிடைக்காது.

முதலில் போனை மட்டும் வைத்துத் தொடங்குங்கள். போனில் வயர்கார்டு ஆப் போட்டு, அதற்கென்று தனி சாவியோடு ஒரு பியர் உருவாக்குங்கள். லேப்டாப்பின் கான்ஃபிகையே போனுக்கும் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடும். லேப்டாப் வீட்டு வைஃபையிலேயே, அதன் விபிஎன் அணைந்த நிலையில், இருக்கட்டும். அதிலிருந்து பைக்குள் எஸ்எஸ்ஹெச் போட்டு இதை ஓட்டுங்கள் (பை வைஃபையில் இருந்தால் `eth0` இடத்தில் `wlan0`):

```
sudo tcpdump -ni eth0 udp port 51820
```

அப்புறம் போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் விபிஎன்னை ஆன் செய்துவிட்டு, ஸ்டோரேஜின் முகவரியைத் திறக்க முயலுங்கள். எல்லாம் சரியென்றால் திரையில் இப்படி இரண்டு வரி வரும்:

```
IP 203.0.113.7.40112 > 192.168.1.10.51820: UDP, length 148
IP 192.168.1.10.51820 > 203.0.113.7.40112: UDP, length 92
```

148 பைட் என்பது போன் கதவைத் தட்டுவது, 92 பைட் என்பது சர்வரின் பதில். முதல் கட்டத்துக்கு இந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே போதும்.

148 மட்டும் சுமார் ஐந்து விநாடிக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்து, பதிலே போகவில்லை என்றால், பாதை சரி, பெரும்பாலும் சாவி தப்பு. தெரியாத சாவிக்கு வயர்கார்டு பிழைச் செய்திகூட அனுப்பாது, பேசாமல் இருந்துவிடும். சர்வர் பக்கம் போனின் பப்ளிக் கீயும், போன் பக்கம் சர்வரின் பப்ளிக் கீயும் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

திரை காலியாகவே இருக்கிறதா? பாக்கெட் பைக்கு வந்து சேரவே இல்லை. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பகுதியைத் திறந்து, 51820 யுடிபியாக இருக்கிறதா என்று பாருங்கள். டிசிபி என்று விட்டிருப்பதுதான் அடிக்கடி கண்ணில் படும் கோளாறு. 'போர்ட் திறந்திருக்கிறதா' என்று சொல்லும் இணையதளங்களை இதற்கு நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் டிசிபியைத்தான் தட்டிப் பார்க்கும்.

அதுவும் சரியாக இருந்தால், ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் இருக்கும் WAN ஐபியையும், பையில் `curl -4 icanhazip.com` போட்டால் வரும் ஐபியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால், அதோடு ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரை தொடங்குவதாக இருந்தால், உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே வெளி ஐபியைப் பகிர்ந்து கொடுக்கிறது. அந்த நிலையில் ரவுட்டரில் எதை மாற்றினாலும் ஐபிவி4 வழியாக வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. நிறுவனத்திடம் பப்ளிக் ஐபி கேட்க வேண்டும், அல்லது வாடகை சர்வர் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். இரண்டுக்கும் நாள் பிடிக்கும். அதனால் இந்த ஒரு ஒப்பீட்டை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

148ம் 92ம் வந்துவிட்டால் அடுத்தது லேப்டாப். ஊருக்குப் போகப்போவது அதுதானே. போனில் விபிஎன்னை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டைத் திறங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில ஆண்ட்ராய்டு போன்கள் தாம் பிடித்திருக்கும் வைஃபையையே ஹாட்ஸ்பாட் வழியாகப் பகிரும். போனில் வைஃபை ஆனில் இருந்தால், நீங்கள் சுற்றி வளைத்து வீட்டு நெட்வொர்க்கிலேயே நிற்பீர்கள். வைஃபையை அணைத்துவிட்டு, லேப்டாப்பில் விபிஎன் இல்லாமல் வெளி ஐபியைப் பாருங்கள். அது வீட்டு ஐபியாக இருக்கக் கூடாது.

இப்போது விபிஎன்னை ஆன் செய்து, முதலில் சர்வரின் விபிஎன் முகவரிக்கு, உதாரணமாக 10.8.0.1க்கு, பிங் போடுங்கள். பிறகு ஸ்டோரேஜின் முகவரிக்கு, உதாரணமாக 192.168.1.20க்கு. முதலாவது வந்து இரண்டாவது வராவிட்டால், பை பாக்கெட்டை அடுத்த இடத்துக்குக் கடத்தாமல் இருக்கலாம். `sysctl net.ipv4.ip_forward` 1 காட்ட வேண்டும். காட்டினால், விபிஎன் பாக்கெட்டைப் பை தன் முகவரியிலிருந்து போவதுபோல் அனுப்பவைக்கும் மாஸ்கரேட் விதி விடுபட்டிருக்கலாம். அது இல்லாவிட்டால், ஸ்டோரேஜுக்கு 10.8.0 என்ற நெட்வொர்க்குக்குத் திரும்பும் வழி தெரியாமல் பதில் தொலைந்துபோகும்.

பிங் வந்ததோடு நிறுத்தாமல் ஒரு பெரிய ஃபைலையும் இரண்டு பக்கமும் காப்பி செய்யுங்கள். ஃபோல்டர் திறந்து, காப்பி மட்டும் அப்படியே நின்றுவிட்டால் பாக்கெட் அளவு பிரச்சினையாக இருக்கலாம். இரண்டு முனையிலும் கான்ஃபிகின் `[Interface]` பகுதியில் `MTU = 1280` சேர்த்துப் பாருங்கள்.

ஹாட்ஸ்பாட் காட்டிக்கொடுக்காத கோளாறும் ஒன்று உண்டு. உங்கள் வீடு 192.168.1 நெட்வொர்க்கில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போகும் ஊரில் விடுதி வைஃபையும் அதே எண்களைக் கொடுத்தால், 192.168.1.20 என்று கேட்கும்போது லேப்டாப் அதை விடுதிக்குள்ளேயே தேடக்கூடும். விபிஎன் கனெக்ட் ஆகியிருக்கும், ஹேண்ட்ஷேக் நடந்திருக்கும், ஃபைல் மட்டும் வராது. ஐபோன் ஹாட்ஸ்பாட் 172.20.10 என்று வேறு எண் கொடுப்பதால் சோதனையில் இந்த மோதல் தெரியாது. வீட்டு நெட்வொர்க்கை 192.168.87 போல யாரும் அதிகம் வைக்காத எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றினால் போர்ட் ஃபார்வர்டிங்கில் பையின் முகவரியையும், கான்ஃபிகில் `AllowedIPs` வரியையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஹாட்ஸ்பாட் சோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

கடைசியாக, கரண்ட் போய் வந்ததுபோல் ரவுட்டரையும் பையையும் அணைத்துப் போடுங்கள். `sudo systemctl enable wg-quick@wg0` கொடுத்திருந்தால்தான் விபிஎன் தானாக எழும். ரவுட்டருக்குப் புது வெளி ஐபி வந்திருந்தால், கான்ஃபிகில் பழைய ஐபியை எழுதி வைத்த லேப்டாப் இனி வராது. அங்கே டைனமிக் டிஎன்எஸ் பெயர்தான் இருக்க வேண்டும். அந்தப் பெயரையும் வயர்கார்டு பொதுவாக விபிஎன்னை ஆன் செய்யும்போது மட்டுமே தேடிப் பார்க்கும். ஆகவே ஊரில் இருக்கும்போது திடீரென்று துண்டித்துப் போனால், டைனமிக் டிஎன்எஸ் புது ஐபிக்கு மாறச் சில நிமிடம் விட்டு, லேப்டாப்பில் விபிஎன்னை ஒருமுறை அணைத்து ஆன் செய்யுங்கள்.