ராவுப் போத்தல் நிப்பாட்டுறது: பல் கிளினிக் அக்காட்ட கேளுங்க

கல்முனை உம்மா: மகனுக்கு ஒன்றரை வயசு. படுக்கக்குள்ள ஒரு போத்தல், ராவு ரெண்டு மணிக்கு இன்னொண்டு, ரெண்டிலயும் சீனி. மேல் முன்பல்லில முரசு ஓரமா வெள்ளைக் கோடு கிடக்கு, என்ன செய்யிற?

பதில்: தங்கச்சி, துடைச்சாலும் போகாம சுண்ணாம்பு மாதிரிக் கிடந்தா அது சொத்தைட தொடக்கம், இந்தக் கிழமையே பல் டொக்டர்ட்ட காட்டுங்க, பள்ளம் விழ முந்தி புளோரைட் பூசி நிப்பாட்டப் பாக்கலாம். நித்திரையில எச்சில் ஊறுறது குறையும், பால் மேல்பல்லச் சுத்தித் தேங்கும், கீழ்ப்பல்ல நாக்கு மறைச்சிக்கிடும், அதான் மேல்பல்லு முதல்ல போகுது.

படுக்கிற நேரப் போத்தல மாத்துறது லேசு. இருக்க வெச்சி கப்பில பால் குடுங்க, பிறகு அரிசியளவு புளோரைட் பற்பசையால தீட்டுங்க, அதுக்குப் பிறகு தண்ணி மட்டும். ரெண்டு மணிப் போத்தல்தான் கஷ்டம். முதல் கிழமை சீனிய மட்டும் குறைச்சி இல்லாம ஆக்குங்க, பிறகு முக்கால் பாலுக்குக் கால் தண்ணி மூணு ராவு, பாதிக்குப் பாதி மூணு ராவு, கால் பால் மூணு ராவு, அதோட வெறுந்தண்ணி. வெறுந்தண்ணி எண்டதும் கனபிள்ளைகள் எழும்புறத விட்டுருங்கள். போத்தல வாயில வெச்சிட்டு மட்டும் படுக்க விட்டுராதீங்க.

ஏறாவூர் தாய்: சீனி போடாத பால் எண்டா பரவால்லதானே?

பதில்: பாலிலயே இனிப்பு இருக்கு. சீனி போட்டதவிட மெதுவாக் கெடுக்கும், ஆனா ராமுழுக்கப் பல்லுல நிண்டா கெடுக்கும்தான்.

அக்கரைப்பற்று: நானும் தண்ணி கூட்டத் தொடங்கிட்டன், மகளுக்கு அஞ்சு மாசம்.

பதில்: உடனே நிப்பாட்டுங்க! நான் சொன்னது ஒரு வயசு தாண்டி, சோறு திங்கிற பிள்ளைக்கு. சின்னப் பிள்ளைக்குத் தண்ணி கூடினா உடம்பில உப்புக் குறைஞ்சி வலிப்பும் வரலாம். பால்மாப் பேணியில போட்டிருக்கிற அளவுக்கே கரைங்க, பிள்ள சோர்ந்து கிடந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

களுவாஞ்சிக்குடி அம்மம்மா: இந்தக் கணக்கெல்லாம் என்னத்துக்கு மகள்? பேரன்ட போத்தல ஒரேயடியா வீசினம், மூணு ராவு கத்தினான், அதோட சரி.

காத்தான்குடி வாப்பா: அம்மம்மா சொல்றதுதான் சரி. நாங்க தண்ணி கலந்து ஒரு மாசம் இழுபட்டம், நடுவுல காய்ச்சல் வந்து திரும்பப் பால் குடுத்து, முதல்ல இருந்து தொடங்க வேண்டியாப் போச்சி.

பதில்: அம்மம்மா, ரெண்டு வயசுப் பிள்ளைக்கு உங்கட வழி சரிவரும், விளங்கப்படுத்தலாம். ஆனா அஞ்சாறு பேர் ஒரே வீட்டில படுக்கிற இடத்தில ரெண்டாம் ராவே யாராவது இரக்கப்பட்டு பாலக் குடுத்துருவாங்க, பிறகு கத்தினாக் கிடைக்கும் எண்டு பிள்ள படிச்சிரும். வாப்பா, காய்ச்சலுக்குப் பிறகு முதல்ல இருந்து தேவையில்ல, விட்ட இடத்தில தொடங்கியிருக்கலாம்.

அம்மம்மா: எங்கட வீட்டிலயும் எட்டுப் பேர் மகள், ஒருத்தரும் குடுக்கல்ல.

பதில்: அப்ப உங்கட வீட்டுக்கு அது சரி அம்மம்மா.

சம்மாந்துறை: சூப்பி வெச்ச கப் வாங்கட்டா?

பதில்: உறிஞ்சினாத்தான் வரும் எண்டா அதுவும் போத்தல்தான். சின்னத் திறந்த கப்பில ரெண்டு வாய் பால் ஊத்திக் குடுங்க, சிந்தும், சிந்தட்டும்.

வாழைச்சேனை: சீனியில்லாத பால் ராவு குடுக்கலாமா?

பதில்: ஏறாவூர்த் தங்கச்சிக்குச் சொன்னதப் பாருங்க.