என்.டி. ஸ்கேனுக்கும் பனிக்குட நீர்ப் பரிசோதனைக்கும் என்ன வித்தியாசம்?

"என்.டி. ஸ்கேன், டபுள் மார்க்கர் ரிப்போர்ட்டில் 1:150, ஹை ரிஸ்க் என்று வந்திருக்கிறது. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் உறுதியா?"

இல்லை. இதே முடிவு வந்த 150 தாய்மார்களில் 149 பேரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்காது.

11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் என்.டி. ஸ்கேன், குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் தோலடியில் தேங்கும் நீரின் தடிமனை மில்லிமீட்டரில் அளக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் அந்த நீர் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். ஆனால் குறையில்லாத குழந்தைக்கும் கூடலாம். அதனால் இந்த அளவையும் தாயின் வயதையும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனை முடிவையும் சேர்த்து வாய்ப்பை மட்டும் கணக்கிடுகிறார்கள். விமான நிலைய மெட்டல் டிடெக்டர் போலத்தான்: பெல்ட் பக்கிளுக்கும் ஒலிக்கும், சோதித்தால்தான் தெரியும்.

அந்தச் சோதனைதான் பனிக்குட நீர்ப் பரிசோதனை. 15 வாரத்துக்குப் பிறகு, ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய ஊசியால் தாயின் வயிற்றிலிருந்து நாலைந்து டீஸ்பூன் நீர் எடுப்பார்கள். அதில் மிதக்கும் குழந்தையின் செல்களில் குரோமோசோம்களையே எண்ணிப் பார்க்கலாம்; 21-ஆவது மூன்றாக இருந்தால் டவுன் சிண்ட்ரோம். கருச்சிதைவு அபாயம் சிறிதளவு இருப்பதால்தான் எல்லோருக்கும் செய்வதில்லை. செய்துகொள்வதா என்பது பெற்றோரின் முடிவு.

"லோ ரிஸ்க்" என்று வந்தால் குறையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். வாய்ப்பு குறைவு என்பதுதான் அதன் பொருள், டவுன் சிண்ட்ரோம் உள்ள சில குழந்தைகள் இந்த ஸ்கிரீனிங்கில் தெரியாமல் போவதுண்டு.