−8 சரி, பக்கம்தான் பிழை

சேர், வணக்கம். நான் திருகோணமலையில் தரம் 10 படிக்கிறேன். சமன்பாடு எனக்கு நல்லா வரும். சமனிலியில்தான் குழப்பம். 3x − 7 ≥ 5x + 9 என்ற கணக்குக்கு x ≥ −8 என்று எழுதினேன். −8 ஐப் பிரதியிட்டும் பார்த்தேன், இரண்டு பக்கமும் −31 வந்தது. ஆனால் ரியூசனில் பிழை போட்டுவிட்டார்கள். "மறை எண்ணால் வகுத்தால் குறி திரும்பும்" என்று மட்டும் சொன்னார்கள். ஏன் திரும்ப வேண்டும்? எப்ப திருப்பிறது, எப்ப விடுறது?

— ஒரு மாணவி, திருகோணமலை

அன்புள்ள பிள்ளைக்கு,

கடைசி வரி வரைக்கும் நீர் சரியாகத்தான் வந்திருக்கிறீர். அந்த வரியில் சறுக்கியதை விட, சறுக்கியது தெரியாமல் போனதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எனவே நீர் விடையைச் சரிபார்த்த விதத்திலிருந்து தொடங்குகிறேன்.

சமன்பாட்டுக்கு விடை ஓர் எண். அதைப் பிரதியிட்டு இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தால் கொப்பியை மூடிவிடலாம். சமனிலிக்கு விடை எண்கோட்டில் ஒரு துண்டு நிலம். −8 அந்த நிலத்தின் வேலி. வேலியில் நின்றால் இரண்டு பக்கமும் −31 வரத்தான் செய்யும், x ≥ −8 என்று எழுதினாலும் x ≤ −8 என்று எழுதினாலும் வேலி அதே இடம்தானே. வளவு வேலிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிய, வேலியை விட்டு இறங்கி ஒரு எண்ணில் கால் வைக்க வேண்டும்.

மிகவும் இலகுவான எண் 0. உம்முடைய விடைப்படி 0 வளவுக்குள் இருக்கிறது. பிரதியிட்டுப் பாரும்: இடப்பக்கம் −7, வலப்பக்கம் 9. −7 ≥ 9 என்பது பொய். ஆகவே வளவு மற்றப் பக்கம். அங்கே −10 ஐப் போட்டால் இடப்பக்கம் −37, வலப்பக்கம் −41. −37 ≥ −41 மெய். (இந்த இடத்திலும் பலர் தடுக்கி விழுவார்கள். 41 பெரிது என்று கண் சொல்லும். −41 எண்கோட்டில் இன்னும் இடப்பக்கம் கிடக்கிறது, ஆகவே சிறியது.) இரண்டு நிமிடம் செலவழித்தால் குறி பிழைத்திருக்கிறதா என்று நீரே கண்டுபிடித்துவிடலாம்.

இனி, ஏன் திரும்புகிறது? காற்றில்லாத ஒரு பின்னேரம் உள்துறைமுகப் பக்கம் போய் நில்லும். கரையோரத்தில் இரண்டு விளக்குகள், ஒன்று தண்ணீர் மட்டத்திலிருந்து 2 மீற்றர் உயரத்தில், மற்றது 5 மீற்றர் உயரத்தில் என்று வைத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் அவற்றின் விம்பத்தைப் பாரும். மேலே உயரத்தில் இருந்த விளக்கு உள்ளே கூடுதல் ஆழத்தில் தெரியும். மேலே 2 < 5, கீழே −2 > −5. தண்ணீர் மட்டம்தான் பூச்சியம். ஓர் எண்ணை −1 ஆல் பெருக்குவது அதைப் பூச்சியத்துக்கு மற்றப் பக்கம் விம்பமாக்குவது. விம்பத்தில் மேல் கீழாகிறது, அதனால் குறியும் திரும்புகிறது.

அதே விளக்குகளை இரண்டையும் 3 மீற்றர் மேலே தூக்கினால்? முன்பு உயர்ந்ததே இப்போதும் உயர்ந்தது. இரண்டின் உயரத்தையும் பாதியாக்கினாலும் அப்படியே. கூட்டல், கழித்தல், நேர் எண்ணால் பெருக்கல், வகுத்தல் இவை ஒன்றும் குறியைத் தொடாததற்குக் காரணம் இதுதான். மறை எண்ணால் பெருக்கும்போதும் வகுக்கும்போதும் மட்டுமே விம்பம் விழுகிறது.

உம்முடைய கணக்கில் அது விழுந்த இடம் இது:

3x − 7 ≥ 5x + 9
−2x ≥ 16
x ≤ −8

இரண்டாவது வரியிலிருந்து மூன்றாவதுக்கு −2 ஆல் வகுத்துப் போகிறோம். இந்த வழி எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. மாறி இரண்டு பக்கமும் இருக்கும்போது எந்தப் பக்கம் சேர்ப்பது என்பது நம் கையில்தானே இருக்கிறது. x ஐ இடப்பக்கம்தான் கொண்டுவர வேண்டும் என்பது சமன்பாடு செய்து வந்த பழக்கம், சட்டமில்லை. இங்கே 5x பெரிய குணகம், அது நிற்கும் வலப்பக்கமே சேர்த்துவிடும்:

−7 ≥ 2x + 9
−16 ≥ 2x
−8 ≥ x

மறை எண்ணால் வகுக்க வேண்டியே வரவில்லை, ஆனாலும் அதே விடை. கடைசி வரியை x முன்னால் வரும்படி மாற்றி எழுதும்போது மட்டும் கவனம். குறியின் அகன்ற வாய் −8 ஐப் பார்த்து நிற்கிறது, மாற்றி எழுதின பிறகும் அது −8 ஐத்தான் பார்க்க வேண்டும்: x ≤ −8. குறியை இருந்தபடியே விட்டு எண்ணையும் எழுத்தையும் மட்டும் இடம் மாற்றுகிறவர்கள் இங்கே வந்து மாட்டுவார்கள்.

இந்த இரண்டு வழியும் சொல்வது ஒன்றே என்பதற்கு ஒரு சைக்கிள் கணக்கு. உப்புவெளியில் இரண்டு வாடகைச் சைக்கிள் கடை இருப்பதாக வைப்போம். முதல் கடையில் எடுக்கும்போதே 500 ரூபாய், பிறகு மணித்தியாலத்துக்கு 150. இரண்டாவதில் 200 ரூபாய், பிறகு மணித்தியாலத்துக்கு 250. எத்தனை மணித்தியாலம் ஓடினால் முதல் கடை மலிவு?

500 + 150h < 200 + 250h

வலப்பக்கம் சேர்த்தால் 300 < 100h. இதை வாய்விட்டே வாசிக்கலாம்: முதல் கடைக்காரர் தொடக்கத்தில் 300 கூட வாங்கினார், இரண்டாவது கடைக்காரர் மணிக்கு 100 கூட வாங்குகிறார், அந்த நூறுகள் எப்போது முந்நூறைத் தாண்டும்? மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு. h > 3. இடப்பக்கம் சேர்த்தால் −100h < −300. இதுவும் மெய்தான், ஆனால் கடைத்தெருவில் ஒருவரும் இப்படிக் கதைப்பதில்லை. −100 ஆல் வகுத்துக் குறியைத் திருப்பினால் அதே h > 3. திருப்பாமல் h < 3 என்று விட்டீரென்றால், 2 மணித்தியாலத்துக்கு முதல் கடை மலிவு என்றாகும். அங்கே 800, மற்றக் கடையில் 700. கையில் இருக்கிற காசே பிழையைச் சொல்லிவிடும்.

திருப்பக் கூடாத இடத்தில் திருப்புவது இன்னொரு பிழை. விதியைப் பாடமாக்கிய பிள்ளைகள்தான் இதைக் கூடுதலாகச் செய்வார்கள். 2x ≤ −16 என்று வந்ததும் ஒரு மறைக் குறி கண்ணில் படுகிறது, உடனே x ≥ −8 என்று எழுதிவிடுவார்கள். நீர் எதை வகுக்கிறீர் என்று பார்க்க வேண்டாம், எதனால் வகுக்கிறீர் என்று பாரும். இங்கே வகுப்பது 2 ஆல், அது நேர் எண், ஆகவே x ≤ −8.

எண்கோட்டில் குறிக்கும்போது −8 இல் நிரப்பிய வட்டம் போடும், சமனும் சேர்ந்திருப்பதால். அம்பு இடப்பக்கம் போகும். சைக்கிள் கணக்கில் 3 இல் வெறும் வட்டம், சரியாக மூன்று மணித்தியாலத்தில் இரண்டு கடையும் 950 தான்.

அந்த இரண்டு கடையும் மணித்தியாலத்துக்கு ஒரே 150 தான் வாங்கினால் என்ன ஆகும் என்றும் செய்து பாரும். 500 + 150h < 200 + 150h. இரண்டு பக்கமும் 150h ஐக் கழித்தால் h காணாமல் போய் 500 < 200 மிஞ்சும். அது எந்த h க்கும் பொய். அப்போது h = 0 என்று எழுதிவிடாதேயும். தீர்வு இல்லை என்று எழுதும், முதல் கடை எத்தனை மணித்தியாலம் ஓடினாலும் மலிவாகப் போவதில்லை.