ஒரு ஃபிரேம் தொலைந்தால் எத்தனை கட்டம் காலி? ஸ்டாப் அண்ட் வெயிட், கோ பேக் என், செலக்டிவ் ரிப்பீட்: வாசகர் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு வருகிறவர்களும் வெளியூர் வாசகர்களும் அனுப்பியவற்றில், இணைப்புத் திறன் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். தலைப்பில் உள்ள மூன்றும், போய்ச் சேராத ஃபிரேமை மறுபடி அனுப்பும் முறைகள். ஸ்டாப் அண்ட் வெயிட் ஒரு ஃபிரேமை அனுப்பி, வந்து சேர்ந்தது என்ற ஒப்புகைக்குக் காத்திருக்கும். மற்ற இரண்டும் காத்திராமல் பல ஃபிரேம்களை அனுப்பும்; ஒன்று தொலைந்தால் கோ பேக் என் அதிலிருந்து எல்லாவற்றையும், செலக்டிவ் ரிப்பீட் அதை மட்டும் மறுபடி அனுப்பும்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு மாணவி: லிங்க் வேகத்தைப் பத்து மடங்கு கூட்டினால் ஸ்டாப் அண்ட் வெயிட்டில் திறன் குறைகிறது என்று விடை வருகிறது. வேகம் கூடினால் நல்லதுதானே? கணக்கில் எங்கே தவறு?

தவறே இல்லை, சரியான விடைதான். நமக்குப் பழக்கமான தூரத்திலேயே போட்டுப் பார்ப்போம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 24 கி.மீ. ஃபைபர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைபருக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். அப்படியென்றால் ஒரு வழிக்கு 120 மைக்ரோ வினாடி, போய்வர 240.

1500 பைட் ஃபிரேம் என்றால் 12,000 பிட். வினாடிக்கு 100 மெகாபிட் லிங்க்கில் அதை வெளியே தள்ள 120 மைக்ரோ வினாடி ஆகும். அனுப்பிவிட்டு, ஒப்புகை வரும்வரை இன்னொரு 240 சும்மா இருக்க வேண்டும். 360-இல் 120 தான் வேலை, ஆக 33.3%. கிடைப்பது 33.3 மெகாபிட். ஒப்புகை மிகச் சிறியது என்பதால் அதை அனுப்பும் நேரத்தை விட்டுவிட்டேன்.

இப்போது லிங்க்கை 1 கிகாபிட்டாக மாற்றுங்கள். ஃபிரேமை 12 மைக்ரோ வினாடியில் தள்ளிவிடலாம். ஆனால் அந்த 240 அப்படியே நிற்கிறது, ஒளியை யாராலும் விரட்ட முடியாது. 252-இல் 12 என்றால் 4.76%. கிடைப்பது 47.6 மெகாபிட். பத்து மடங்கு வேகம் வாங்கியும் ஒன்றரை மடங்குக்குக் கூட வரவில்லை. இன்னும் எவ்வளவு வேகம் கூட்டினாலும் 12,000 பிட்டை 240 மைக்ரோ வினாடியால் வகுத்தால் வரும் 50 மெகாபிட்தான் உச்சவரம்பு.

```
a = Tp / Tt
திறன் = 1 / (1 + 2a)
```

Tp ஒரு வழிப் பயண நேரம், Tt ஃபிரேமை அனுப்பும் நேரம். முதல் கணக்கில் a = 1, இரண்டாவதில் a = 10.

நெல்லிக்குப்பத்திலிருந்து: என் விடை எப்போதும் புத்தக விடையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது, ஏன்?

நீங்கள் அனுப்பிய தாளில் 1 + a என்று இருக்கிறது. ஒப்புகை திரும்பி வரும் பயணத்தை விட்டுவிட்டீர்கள். கேள்வியில் போய்வரும் நேரத்தையே கொடுத்திருந்தால் மட்டும் இன்னொரு தடவை இரட்டிக்காதீர்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து, விசாட் டெர்மினல் பொருத்தும் ஒருவர்: செலக்டிவ் ரிப்பீட்தான் சிறந்தது என்று படித்தேன். 3 பிட் வரிசை எண்ணோடு சாட்டிலைட் கணக்கு போட்டால் கோ பேக் என்-தான் ஜெயிக்கிறது. இது எப்படி?

நல்ல கேள்வி. நிறையப் பேர் இந்த இடத்தைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

உங்கள் எண்களையே எடுக்கிறேன். புவிநிலைச் சாட்டிலைட்டுக்கு ஏற 36,000 கி.மீ., இறங்க 36,000 கி.மீ. வெற்றிடத்தில் வினாடிக்கு 3 லட்சம் கி.மீ., ஆக ஒரு வழிக்கு 240 மில்லி வினாடி. 1 மெகாபிட் லிங்க்கில் 1000 பைட் ஃபிரேமுக்கு 8 மில்லி வினாடி. a = 30, 1 + 2a = 61.

இந்த 61-ஐ வகுப்பில் நான் கிராஃப் தாளில்தான் காட்டுவேன். ஒரு கட்டம் 8 மில்லி வினாடி. முதல் ஃபிரேமுக்கு முதல் கட்டத்தில் வண்ணம் தீட்டுங்கள். அதன் ஒப்புகை 61-ஆம் கட்டம் முடியும்போதுதான் வரும். ஸ்டாப் அண்ட் வெயிட்டில் வண்ணம் ஒரே கட்டத்தில், மீதி 60 வெள்ளை. திறன் 1.64%. விண்டோ என்பது ஒப்புகைக்குக் காத்திராமல் எத்தனை கட்டத்துக்கு வண்ணம் தீட்டலாம் என்ற அனுமதி. அது 61-ஐத் தொட்டால் தாள் நிறைந்துவிடும்.

அப்புறம் வரிசை எண். 3 பிட் என்றால் 0 முதல் 7 வரை எட்டு எண்கள். கோ பேக் என் அதில் 7 வரை விண்டோ வைக்கலாம், செலக்டிவ் ரிப்பீட் 4 வரைதான். 7/61 என்றால் 11.5%, 4/61 என்றால் 6.6%. பிழையே இல்லாத லிங்க்கில் உங்கள் கணக்கு முழுக்கச் சரி. 6 பிட்டில் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும்: கோ பேக் என்-னுக்கு விண்டோ 63, தாள் நிறைந்து 100%. செலக்டிவ் ரிப்பீட்டுக்கு 32, வெறும் 52.5%.

பாதி எண்களை ஏன் விட்டுவிட வேண்டும்? 2 பிட் வைத்துப் பாருங்கள், எண்கள் 0, 1, 2, 3. விண்டோ 3 என்று தவறாக வைத்துவிட்டோம். 0, 1, 2 போய்ச் சேர்ந்தன. பெறுபவர் மூன்றுக்கும் ஒப்புகை அனுப்பிவிட்டு, அடுத்து 3, 0, 1 வரலாம் என்று விண்டோவை நகர்த்திக்கொள்கிறார். வழியில் மூன்று ஒப்புகையும் தொலைந்தன. அனுப்பியவர் நேரம் முடிந்ததும் பழைய 0-ஐ மறுபடி அனுப்புகிறார். பெறுபவர் அதைப் புதிய 0 என்று எடுத்துவைத்துக்கொள்வார். பழைய தரவு புதிய தரவின் இடத்தில் உட்கார்ந்துவிடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. விண்டோ 2 என்றால் பெறுபவர் எதிர்பார்ப்பது 2, 3 மட்டும், பழைய 0 வந்தால் தள்ளிவிடுவார். கோ பேக் என்-னில் பெறுபவர் ஒரே ஒரு எண்ணைத்தான் எதிர்பார்க்கிறார், அதனால் ஒரு எண்ணை மட்டும் விட்டால் போதும்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு ஆசிரியர்: பிழை வந்தால் மூன்றும் எப்படி மாறும்? சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமல் மாணவர்களுக்குச் சொல்ல வழி உண்டா?

உண்டு. அதே கட்டத் தாள்தான். நல்ல ஃபிரேமுக்கு எத்தனை கட்டம், தொலைந்ததற்கு எத்தனை கட்டம் என்று மட்டும் கேளுங்கள்.

ஸ்டாப் அண்ட் வெயிட்டில் நல்லதோ கெட்டதோ, ஒவ்வொன்றுக்கும் 61. கோ பேக் என்-னில் நல்லதற்கு 1, தொலைந்ததற்கு 61, ஏனென்றால் அதற்குப் பின்னால் போன 60-ஐயும் பெறுபவர் தூக்கிப் போட்டுவிட்டார். செலக்டிவ் ரிப்பீட்டில் நல்லதற்கும் 1, தொலைந்ததற்கும் 1. கோ பேக் என் காத்திருப்பைத்தான் குணப்படுத்துகிறது. இழப்பின் விலை அதில் ஸ்டாப் அண்ட் வெயிட்டில் இருந்த அதே 61-ஆகவே இருக்கிறது. மாணவர்கள் இதைப் பிடித்துக்கொண்டால் சூத்திரத்தைத் தாங்களே எழுதிவிடுவார்கள்.

```
விண்டோ போதுமான அளவு இருந்தால்:
ஸ்டாப் அண்ட் வெயிட் = (1 − P) / (1 + 2a)
கோ பேக் என்        = (1 − P) / (1 + 2aP)
செலக்டிவ் ரிப்பீட்   = 1 − P
```

நூறில் ஒரு ஃபிரேம் தொலைகிறது, P = 0.01. ஸ்டாப் அண்ட் வெயிட் 0.99/61, அதாவது 1.62%. கோ பேக் என் 0.99/1.6, அதாவது 61.9%. செலக்டிவ் ரிப்பீட் 99%. நூறில் ஒன்று தொலைந்ததற்கு கோ பேக் என் லிங்க்கில் ஐந்தில் இரண்டு பங்கை இழக்கிறது. a = 1 ஆக இருக்கும் கடலூர்–புதுச்சேரி ஃபைபரில் அதே P-க்கு கோ பேக் என் 0.99/1.02, 97%. அங்கே செலக்டிவ் ரிப்பீட்டுக்காகப் பெறும் பக்கத்தில் பஃபர் வைத்து வரிசைப்படுத்தும் சிரமம் தேவையே இல்லை என்பது என் கருத்து.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். அந்த 99% கிடைக்க விண்டோ 61-ஐத் தாண்டினால் போதும் என்று புத்தகங்களில் இருக்கும். 7 பிட், விண்டோ 64 வைத்துத் தாளில் போட்டுப் பாருங்கள். 0-ஆம் ஃபிரேம் தொலைகிறது. 1-ஆம் ஃபிரேம் போய்ச் சேர்ந்ததும் பெறுபவர் இடைவெளியைக் கண்டு எதிர் ஒப்புகை அனுப்புகிறார், அது வரும்போது 62 கட்டம் ஓடிவிட்டது. 63-ஆவது கட்டத்தில் 0 மறுபடி போகிறது. அதற்கு ஒப்புகை வருவது 123-ஆவது கட்டம் முடியும்போது. அதுவரை விண்டோவின் அடிப்பகுதி 0-இலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. மிச்சமிருந்த 62, 63 இரண்டையும் அனுப்பியதும் அனுமதி தீர்ந்தது, அப்புறம் 58 கட்டம் வெள்ளை. தனியாக வரும் ஓர் இழப்புக்குக் கோ பேக் என் கொடுக்கும் விலையையே கிட்டத்தட்ட இதுவும் கொடுக்கிறது. இழப்பையும் தாண்டி ஓட வேண்டுமென்றால் விண்டோ 61-இன் இரண்டு மடங்குக்கு வேண்டும், அதாவது 122 சொச்சம். செலக்டிவ் ரிப்பீட்டில் அதற்கு 8 பிட் எடுத்தால் 128 கிடைக்கும், அப்போது அந்த 58 கட்டமும் நிரம்பிவிடும். மறுபடி அனுப்பியதும் தொலைந்தால் திரும்பவும் நிற்கத்தான் செய்யும், ஆனால் P 0.01 என்றால் அது பத்தாயிரத்தில் ஒன்று.

தேர்வில் சூத்திர விடையையே எழுதச் சொல்லுங்கள். லிங்க் அமைக்கும்போது தாள் சொல்வதைக் கேளுங்கள்.

முதுநகர் வாசகரின் இரண்டாவது கேள்வி: 1 மெகாபிட் லிங்க்கில் 115 கிலோபிட்தான் வருகிறது. விண்டோ போதவில்லையா, ஃபிரேம் தொலைகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

115 என்ற எண்ணே பதில் சொல்கிறது. விண்டோ 7, ஒவ்வொன்றும் 8000 பிட், ஒரு சுற்றுக்கு 488 மில்லி வினாடி: 56,000-ஐ 0.488-ஆல் வகுத்தால் 1,14,754. கிட்டத்தட்ட அதே எண். விண்டோதான் கட்டுப்படுத்துகிறது.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். ஃபிரேம் அளவைப் பாதியாக்கி 500 பைட் வையுங்கள். விண்டோ பற்றாக்குறை என்றால் வேகமும் பாதியாகி 58 கிலோபிட் பக்கம் வரும், ஏனென்றால் அதே ஏழு ஃபிரேமில் பாதிச் சரக்குதான் போகிறது. ஃபிரேம் தொலைவதுதான் காரணம் என்றால் அப்படிப் பாதியாகச் சரியாது. சின்ன ஃபிரேமில் பிட் குறைவு, கெட்டுப்போகும் வாய்ப்பும் ஏறக்குறைய பாதியாகும், மறு அனுப்புகளின் எண்ணிக்கையிலும் அது தெரியும். விண்டோ பற்றாக்குறையில் வேகம் மணிக்கணக்கில் ஒரே கோடாக நிற்கும். இழப்பில் ஏறி இறங்கும், மழை நேரத்தில் கூடுதலாக.

உங்களுடையது ஒரே கோடாக நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டெர்மினல் அமைப்பில் வரிசை எண்ணை 3 பிட்டிலிருந்து 7 பிட்டுக்கு மாற்ற இடம் இருக்கிறதா என்று பாருங்கள். எச்டிஎல்சி குடும்பத்து நெறிமுறைகளில் அந்த விரிந்த முறை உண்டு. இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இணைப்பே எழாது.